கேலியைப் புரிந்துகொள்வது அவர்கள் கடமையா?

அலுவலகக் கடிதத்தில் பழமொழியும் நக்கலும் நகைச்சுவையும் கூடாது என்பது மொழியின் குரல்வளையை நெரிக்கிற வேலை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் ஜார்ஜ் டவுன்காரர். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் மேலாளராக இருந்ததாகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அவர் சொல்வது நான்கு. பினாங்குக்காரர்கள் நாலு மொழியைக் கலந்து பேசிச் சிரித்தே வளர்ந்தவர்கள், நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது ஒன்று. நக்கல் புரியாமல் போய்விடுமோ என்று பயமிருந்தால் ஒரு சிரிப்பு முகத்தைச் சேர்த்துவிட்டால் போதும் என்பது இரண்டு. வெறும் தகவலாக எழுதினால் உறவு செத்துப்போகும் என்பது மூன்று. புரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், நாம் ஏன் இறங்கிப்போக வேண்டும் என்பது நான்கு.

நான்கும் தவறு. முதல் மூன்றும் யோசிக்காமல் சொன்னவை. நான்காவது ஆணவம். அதே பாயான் லெப்பாஸில் டெஸ்ட் பிரிவில் இருந்து, வெளிநாட்டுக்குக் குறிப்பு எழுதியும் அங்கிருந்து வந்ததைப் படித்தும் காலம் கழித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் வாதத்துக்கு வருகிறேன். சூலியா தெரு நாசி கண்டார் கடையில், “இன்னிக்கு ஒங்களுக்குக் குழம்பு கிடையாது” என்று சொல்லிக்கொண்டே கடைக்கார அண்ணன் சோற்றின் மேல் மூன்று குழம்பையும் ஊற்றுவார். தட்டை நீட்டியவர் மலாய்க்காரராக இருந்தாலும் சீனராக இருந்தாலும் சிரிப்பார். ஏனென்றால் கரண்டி கண் முன்னால் இருக்கிறது, அண்ணனின் முகம் தெரிகிறது, நேற்றும் அவர் இதையேதான் சொன்னார். வார்த்தை ஒன்றைச் சொல்ல, மற்ற எல்லாமே அதற்கு எதிரானதைச் சொல்கிறது. அந்த முரணில்தான் கேலி இருக்கிறது. யாருக்காவது புரியவில்லை என்றால் அந்த நொடியிலேயே முகம் சுருங்கும், அண்ணனும் உடனே சமாதானம் சொல்லிவிடுவார்.

மின்னஞ்சலில் போவது வார்த்தை மட்டும். கரண்டியும் முகமும் நேற்றைய பழக்கமும் கூடப் போவதில்லை. கட்டுரையாளர் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. கடையில் நடக்கிறதென்றால் கடிதத்திலும் நடக்கும் என்று அடித்துச் சொல்கிறார். நடக்காது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில வாக்கியங்களை நக்கலாகவோ நிஜமாகவோ ஒருவர் அனுப்ப வேண்டும், எது எது என்று பெறுபவர் கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். குரலில் அனுப்பியபோது 73 தடவை புரிந்தது. மின்னஞ்சலில் 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 சரியாக வந்துவிடும். பெறுபவர் ஏறக்குறைய குருட்டாம்போக்கில் ஊகித்துக்கொண்டிருக்கிறார், எழுதியவரோ எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது. படிப்பவருக்கும் அது கேட்கிறதென்று நினைத்துவிடுகிறோம். அந்த ஆய்வில் இருதரப்புக்கும் மொழி பொது, நேரமும் கலாச்சாரமும் பெரிய தடையாக இல்லை. பினாங்கிலிருந்து வேறொரு கண்டத்துக்கு எழுதும்போது இவை எல்லாமே மாறுகின்றன.

ஐம்பது ஆண்டுகளாக இப்படித்தான் வெளிநாட்டுக்காரர்களோடு பழகிவருகிறோம் என்றும் அவர் எழுதுகிறார். 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியது, இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அதே ஆண்டில் இங்கே அமைத்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குச் சேதி சொல்ல டெலக்ஸ்தான் வழி. இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. யாரும் அதில் நக்கல் அடிக்கவில்லை. என்ன பழுது, எத்தனை பீஸ், எப்போது வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். அவர் துணைக்கு அழைக்கிற வரலாறு அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

இனி என் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். ஜனவரி மாதம், வெள்ளிக்கிழமை மாலை. மூவாயிரம் சில்லுகள் கொண்ட ஒரு லாட், ஏழாம் எண் டெஸ்டரில் சோதனை முடிந்து வெளியே வந்தது. அந்த வகைச் சில்லில் நூற்றுக்கு மூன்று நான்கு ஃபெயில் ஆவது வழக்கம். அன்று ஒன்றுகூட ஃபெயில் ஆகவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அது நல்ல சேதியே கிடையாது. எல்லாமே பாஸ் என்றால் டெஸ்டர் சோதிக்கவே இல்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஷிப்ட் லீடர் கெட்டிக்காரர், சரியாகவே சந்தேகப்பட்டார். லாட்டை ஹோல்டில் போட்டார். அதை விடுவிக்கிற அதிகாரம் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் இருந்த பொறியாளரிடம் இருந்தது. ஹோல்டுக்கான காரணம் கேட்கும் கட்டத்தில் ஷிப்ட் லீடர் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: ‘ஏழாம் டெஸ்டர் மறுபடியும் அற்புதம் நிகழ்த்திவிட்டது. மூவாயிரத்தில் ஒன்றுகூட ஃபெயில் இல்லை. கஸ்டமர் கொண்டாடப் போகிறார்.’

பினாங்கு ஷிப்டில் இதைப் படித்த எல்லாரும் சிரித்தார்கள். ஏழாம் டெஸ்டர் அந்த வாரம் முழுக்கத் தொல்லை கொடுத்தது அவர்களுக்குத் தெரியும். ஓரிகன் பொறியாளர் அந்தப் பொறுப்புக்குப் புதியவர், டெஸ்டரின் வரலாறு அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் கணினியைத் திறந்தபோது இங்கே நள்ளிரவு. குறிப்பைப் படித்தார். பழுது என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எண் நன்றாக இருந்தது, கஸ்டமர் மகிழ்வார் என்றும் இருந்தது. ‘நல்ல சேதி, நன்றி’ என்று பதில் எழுதிவிட்டு லாட்டை விடுவித்தார்.

சனிக்கிழமை ஷிப்டில் லாட் பேக்கிங்குக்குப் போனது. சில்லுகள் ஒவ்வொன்றாக நாடாவில் அடைத்து ஒட்டப்பட்டு ரீலில் சுற்றப்பட்டன. திங்கட்கிழமை, சரக்கு வெளியேறும் முன் பதிவேட்டைப் பார்த்த ஒருவர்தான் பிடித்தார். வியாழக்கிழமை பழுது பார்ப்பதற்காக டெஸ்டரில் ஏற்பு வரம்புகளை அகலமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். வேலை முடிந்தபின் பழைய வரம்பைத் திரும்பப் போடவில்லை. எந்தச் சில்லை வைத்தாலும் டெஸ்டர் பாஸ் என்றுதான் சொல்லியிருக்கும். ரீல்களைப் பிரித்து, நாடாவை உரித்து, மூவாயிரம் சில்லுகளையும் வெளியே எடுத்து, திரும்பச் சோதித்து, திரும்ப அடைத்தார்கள். இரண்டு நாள் போனது. ஒவ்வொரு தடவை எடுத்து வைக்கும்போதும் சில்லின் கால் வளையும் ஆபத்து உண்டு. வளைந்தவை தனியே குப்பைக்குப் போயின.

பிறகு நடந்த கூட்டத்தில் எல்லாரும் ஓரிகன்காரரைத்தான் திட்டினார்கள். பூஜ்யம் ஃபெயில் என்றதுமே அவருக்கு உறைத்திருக்க வேண்டாமா என்றார்கள். உறைத்திருக்கலாம். ஆனால் ஹோல்டு குறிப்பு என்பது படிப்பவரின் மூளைக்கு வைக்கிற பரீட்சை இல்லை. சந்தேகத்தைக் கண்டுபிடித்தவர் பினாங்கில் இருந்தார். கண்டுபிடித்ததை அவர் எழுதவில்லை, அதற்கு நேர் எதிரானதை எழுதினார். அவர் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: ‘ஏழாம் டெஸ்டரில் 3,000இல் 0 ஃபெயில். வழக்கமாக நூற்றுக்கு 3 முதல் 4. டெஸ்டர் சரியாகச் சோதிக்கவில்லை என்று சந்தேகிக்கிறேன். லாட்டை விடுவிக்க வேண்டாம். டெஸ்டர் வரம்புகளைச் சரிபார்த்து, சனிக்கிழமை பினாங்கு நேரம் காலை 10 மணிக்குள், அதாவது ஓரிகன் நேரம் வெள்ளி மாலை 6 மணிக்குள் பதில் தரவும்.’ இதில் கண்டது என்ன, வழக்கம் என்ன, சந்தேகம் என்ன, செய்யக்கூடாதது எது, செய்ய வேண்டியது எது, எந்த ஊர் நேரப்படி எப்போது என்பதெல்லாம் இருக்கிறது. எந்த நாட்டில் யார் படித்தாலும் ஒரே பொருள்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் கட்டுரையாளர் சிரிப்பு முகத்தை நீட்டுகிறார். அந்தக் குறிப்பின் கடைசியில் ஒரு சிரிப்பு முகம் இருந்திருந்தால் ஓரிகன்காரருக்கு என்ன புரிந்திருக்கும்? மகிழ்ச்சியான சேதிக்கு மகிழ்ச்சியான முகம். அவருடைய தவறான புரிதல் இன்னும் உறுதிப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அந்த முகங்களுக்கும் ஊருக்கு ஊர் பொருள் வேறு. லேசாகப் புன்னகைக்கும் அந்த மஞ்சள் முகத்தை நாம் கனிவாக நினைத்து அனுப்புகிறோம். சீனாவில் இளையவர்கள் பலர் அதை எரிச்சலாகவும் இளக்காரமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். புலனத்தில் நண்பர்களுக்குள் அனுப்பிப் பழகிய முகத்தைச் சீனத்து ஆலையில் இருக்கும் சக ஊழியருக்கும் அனுப்பி, நான் நல்லெண்ணத்தில்தான் அனுப்பினேன் என்று பின்னால் சொல்வதில் பயன் இல்லை. புரியாத ஒன்றை விளக்க, அதே அளவு புரியாத இன்னொன்றைச் சேர்ப்பது தீர்வாகாது.

உறவு செத்துவிடும் என்கிற மூன்றாவது வாதம் கேட்பதற்கு நெஞ்சைத் தொடும். யாருடைய உறவு என்று கேட்டால் நிற்காது. வெளிநாட்டோடு இரவு நேரத்தில் நடக்கும் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். தலைமையகத்தில் ஒருவர் ஒரு கேலி சொல்வார், அங்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். மற்ற ஊர்களில் ஒலிவாங்கி அணைந்தே இருக்கும். இன்னொருவர் வந்து விளக்கும்வரை அவர்களுக்குச் சிரிக்கவும் தெரியாது, சிரிக்காமல் இருக்கவும் தெரியாது. அந்த ஒரு நிமிடத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்று கோடு விழுந்துவிடுகிறது. அந்தக் கோட்டுக்கு வெளியே பல காலம் நின்றவர்கள் பினாங்குக்காரர்களாகிய நாம்தான். அமெரிக்கர்கள் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து எடுத்த மரபுத்தொடர்களாகவே கொட்டுவார்கள். இங்கே பூப்பந்தும் காற்பந்தும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தின் விதிகூடத் தெரியாது. ‘பால்பார்க்’ எண் கொடு என்றால் தோராயமாகச் சொன்னால் போதும் என்று பொருள். அது தெரியாமல் துல்லியமான எண்ணைத் தேடி விடிய விடிய உட்கார்ந்த புதிய பொறியாளர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று பயந்து யாரும் கேட்கவில்லை. அத்தனை ஆண்டு மேலாளராக இருந்தவர் இந்தக் காட்சியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்தும், நமக்கு நேர்ந்ததை இன்னொருவருக்கு நாம் செய்யலாம் என்று எழுதுகிறாரே, அதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

உறவு வளர்க்க நகைச்சுவைதான் வேண்டும் என்று யார் சொன்னது? ‘நீங்கள் அனுப்பிய பதிவால் பழுதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தோம், நன்றி’ என்று எழுதினால் அதில் இருக்கிற அன்பு எந்த நாட்டுக்காரருக்கும் புரியும். ‘தைப்பூசத்துக்கு எங்களுக்கு விடுமுறை, அந்த நாளில் அவசரம் என்றால் இவரை அழையுங்கள்’ என்று முன்கூட்டியே எழுதுவதும் உறவுதான். நேரில் சந்தித்து, ஒருவர் எதற்குச் சிரிப்பார் என்று தெரிந்துகொண்டபின், தொலைபேசியில் குரல் கேட்கப் பேசும்போது கேலி செய்யட்டும், யாரும் தடுக்கவில்லை. நான் மறுப்பது, யார் படிப்பார் என்று தெரியாத எழுத்தில், முடிவெடுக்க வேண்டிய எழுத்தில் அதைச் சேர்ப்பதை.

நான்காவது வாதம், புரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்பது. கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாரா? குளிர்காலத்தில் ஓரிகன் நமக்குப் பதினாறு மணி நேரம் பின்னால் இருக்கிறது. நாம் வெள்ளி மாலை ஆறு மணிக்கு எழுதியதை அவர் தம் வெள்ளி காலை எட்டுக்குப் படிக்கிறார். ‘இது நிஜமா, கேலியா?’ என்று உடனே கேட்டாலும் இங்கே நள்ளிரவு. நாம் திங்கள் காலை எட்டுக்குப் படித்துப் பதில் எழுதுகிறோம், அவருக்கு அப்போது ஞாயிறு மாலை நான்கு. அவர் தம் திங்கள் காலை அதைப் படித்துவிட்டு லாட்டை நிறுத்துவதா விடுவதா என்று எழுதுகிறார். அது நம் கண்ணில் படுவது செவ்வாய் காலை. ஒரே ஒரு கேள்விக்கு வெள்ளி மாலையிலிருந்து செவ்வாய் காலைவரை போகிறது. மேசைக்கு எதிரே இருப்பவரிடம் ஐந்து நொடியில் முடிகிற காரியம் இது. அதனால்தான் பலர் கேட்பதே இல்லை, ஊகித்துக்கொண்டு வேலையை நகர்த்துகிறார்கள். ஊகம் தவறிவிட்டதற்கு ஓர் அடையாளமும் உண்டு. கவலையோடு எழுதியதற்கு ‘நன்றி, நல்ல சேதி’ என்றோ, கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் ‘சரி’ என்று மட்டுமோ பதில் வந்தால், நாம் எழுதியது போய்ச் சேரவில்லை. அப்படிப் பதில் வந்தால் அந்த நிமிடமே தொலைபேசியை எடுக்க வேண்டும்.

ஆங்கிலம் பொதுமொழி, அதில் எழுதினால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றும் அவர் நினைக்கிறார். 1951 ஏப்ரலில் கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படை பிரிட்டிஷ் படையணி ஒன்றைச் சூழ்ந்தது. அமெரிக்கத் தளபதி நிலைமையைக் கேட்டபோது பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி, கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது என்ற பொருளில் அடக்கமாகச் சொன்னதாக அந்தப் போரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பிரிட்டிஷ்காரரின் வழக்கில் அது பேராபத்து. அமெரிக்கர் அதைச் சமாளிக்கக்கூடிய நிலைமை என்று எடுத்துக்கொண்டார். அந்தப் படையணியைச் சேர்ந்த குளோஸ்டர் படைப்பிரிவின் வீரர்கள் 500க்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டார்கள். அந்த ஒரு சொல்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிற இருவருக்கிடையிலேயே, உயிர் போகிற நேரத்தில், ஒரு பேச்சு வழக்கு இப்படிப் பிசகியிருக்கிறது. அவர்களுக்கே பிசகியது நமக்குப் பிசகாது என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை.

நம் ஊர் ஆங்கிலத்திலும் இந்தக் கண்ணி இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ‘ரிவர்ட்’ செய்கிறோம் என்று மலேசியாவில் எழுதினால், பதில் தருகிறோம் என்று பொருள். டெஸ்ட் நிரலைப் பற்றிய கடிதத்தில் அதை ஓர் அமெரிக்கர் படித்தால், வெள்ளிக்கிழமைக்குள் பழைய நிரலுக்கே திரும்பப் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். இது கேலியும் இல்லை, பழமொழியும் இல்லை, நாம் நாள்தோறும் சாதாரணமாக எழுதுகிற சொல். தெரிந்தே செய்யாத இடத்திலேயே இவ்வளவு சறுக்கல் இருக்கும்போது, தெரிந்தே நக்கலையும் சேர்த்து எழுதுவோம் என்று வாதாடுவதற்குப் பெயர் மொழிப்பற்று இல்லை.

ஹோல்டு குறிப்பு, ஷிப்ட் ஒப்படைப்பு, பழுது அறிக்கை, ஒப்புதல் கேட்கும் கடிதம். இந்த நான்கிலும் எழுதியவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதுதான் படிப்பவர் முடிவெடுக்கிறார். எழுத்து தனியாக நின்று பேச வேண்டும். அதனால் நினைத்ததை நினைத்தபடியே எழுத வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுத வேண்டும், நேரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலும் எழுத வேண்டும். இதனால் மொழி வளத்தில் ஒரு துளியும் குறைந்துவிடாது.

கட்டுரையாளர் மேலாளராக இருந்தவர். மேலாளர் எழுதுவதைப் பார்த்துத்தான் புதியவர்கள் எழுதப் பழகுகிறார்கள், அவர் சிரித்தால் அதுதான் பாணி என்று நினைக்கிறார்கள். அவர் சொன்னதை நம்பி நாளை ஒரு ஷிப்ட் லீடர் நக்கலாக ஒரு ஹோல்டு குறிப்பு எழுதினால், திங்கட்கிழமை அந்த ரீல்களைப் பிரித்து மூவாயிரம் சில்லுகளையும் ஒவ்வொன்றாக எடுக்க உட்காரப் போகிறவர் அவர் இல்லை. பாயான் லெப்பாஸ் ஆலையில் ஷிப்டுக்கு வருகிற ஆப்பரேட்டர்தான் உட்கார வேண்டும். அவருக்கு அந்தக் கட்டுரையில் எங்கே இடம் இருக்கிறது என்று எழுதியவரே சொல்லட்டும்.